மணி பிளாண்டின் அடியிலைகள் ஏன் மஞ்சளாகின்றன?

வரவேற்பறையிலும் சமையலறைச் சன்னலிலும் நாம் விரும்பி வளர்க்கும் மணி பிளாண்ட், எளிதில் சாகாத கொடி என்று பெயர் பெற்றது. பெயரில் பணம் இருப்பதாலோ என்னவோ, அதன் இலை ஒன்று மஞ்சளானால்கூட வீட்டில் கவலை தொற்றிக்கொள்கிறது. “தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம், ஆனாலும் அடியிலைகள் மட்டும் பழுத்து விழுகின்றன” என்பதே பலரும் கூறும் குறை. இந்தக் குறைக்கான விடை பெரும்பாலும் ‘தவறாமல்’ என்ற சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது.

முதலில், மேலிலைகள் பசுமையாக இருக்க அடியிலைகள் மட்டும் ஏன் மஞ்சளாக வேண்டும்? தாவரத்தினுள் சில சத்துகள் இடம்பெயரக் கூடியவை, சில இடம்பெயராதவை. தழைச்சத்தும் மெக்னீசியமும் முதல் வகையைச் சேர்ந்தவை. வேரிலிருந்து இவற்றின் வரத்து குறையும்போது, கொடி தன் முதிய இலைகளில் உள்ள பச்சையத்தையும் புரதத்தையும் சிதைத்து, அவற்றிலுள்ள சத்தை நுனியில் விரியும் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. பச்சை நீங்கியதும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம்பெயராது. ஆகவே அதன் குறை தளிரிலேயே முதலில் தெரியும். அடியிலை மஞ்சளாவது, வேர் தன் வேலையைச் சரிவரச் செய்யவில்லை அல்லது மண்ணில் எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்பதன் அறிகுறி. சில மாதங்களுக்கு ஒருமுறை ஓரிலை மட்டும் பழுத்து உதிர்ந்தால் அது முதுமையே, பொருட்படுத்த வேண்டியதில்லை.

வேர் ஏன் வேலை செய்யாமல் போகிறது? வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளிகளில் தங்கும் காற்றிலிருந்தே அது ஆக்சிஜனைப் பெறுகிறது. அந்த இடைவெளிகள் நாட்கணக்கில் நீரால் அடைபட்டால் வேர் முனைகள் மூச்சுத்திணறி இறக்கின்றன. பின்னர் அழுகல் பூசணங்கள் பற்றிக்கொள்கின்றன. வேர் இறந்த கொடியால் தன்னைச் சுற்றி நிற்கும் நீரைக்கூட உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணிலேயே இலை துவண்டு நிற்கிறது. அதைக் கண்டு தாகம் என்று எண்ணி நாம் மேலும் ஊற்றுகிறோம்.

மும்பைப் புறநகரில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். எட்டு அங்குல பிளாஸ்டிக் தொட்டி. அழகுக்காக அதைச் சுற்றி, அடியில் துளையில்லாத பீங்கான் தொட்டி. ஒரு முறைக்கு 200 மில்லி கொள்ளும் குவளை நிறைய, வாரம் 3 முறை தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் கொடி செழித்தது. ஜூன் மாதத்தில் மழை தொடங்கியது. ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் அடியிலைகள் மூன்று மஞ்சளாகிவிட்டன. அவர் வாரம் 4 முறையாக உயர்த்தினார். மேலும் இரண்டு இலைகள் போயின.

உள்தொட்டியைத் தூக்கியபோது பீங்கான் தொட்டியில் இரண்டு விரற்கடை நீர் தேங்கியிருந்தது. லேசான சாக்கடை வாடையும் வந்தது. கொடியை மண்ணோடு வெளியே எடுத்தார். மேல்பகுதி வேர்கள் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தன. அடியில் இரண்டு அங்குல அளவுக்கு வேர்கள் பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து நார் மட்டும் கையில் வந்தது. அவற்றைத் தூய கத்தரிக்கோலால் நீக்கி, தோட்ட மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றோடு ஒரு பங்கு பெர்லைட்டும் கலந்து அதே தொட்டியில் மீண்டும் நட்டார். அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கத்தை அவர் கைவிட்டதும் நல்லதே. கல் அடுக்குக்கு மேலேயே நீர் நின்றுவிடுவதால், ஈரம் வேருக்கு இன்னும் அருகே வருகிறதேயன்றி வடிகால் மேம்படுவதில்லை.

அடுத்து அவர் செய்ததே நம்மைக் கவர்ந்தது. நன்றாக நீரூற்றி, ஓரிரவு முழுவதும் வடியவிட்டு, காலையில் தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தார்: 2,700 கிராம். தண்ணீர் ஊற்றாமல் நாள்தோறும் எடை பார்த்ததில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் குறைந்தது. ஒரு வாரத்துக்கு 245 கிராம், அதாவது கால் லிட்டருக்கும் சற்றுக் குறைவு. வாரத்துக்கு 600 மில்லி வரவு, 245 மில்லி செலவு! எஞ்சிய நீர் முழுவதும் பீங்கான் தொட்டியில் சேர்ந்துவந்தது. வேரில் ஒரு பகுதியை வெட்டியதால் செலவு சற்றுக் குறைந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும் முதன்மைக் காரணம் பருவமே. மேகமூட்டத்தால் ஒளி குறைந்தது. ஈரக்காற்றில் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீர் ஆவியாவது தளர்ந்தது. நாட்காட்டியின்படி ஊற்றும் அளவு மட்டும் மாறவில்லை. குளிரூட்டப்பட்ட அறையில், சன்னலிலிருந்து தொலைவில் வைத்த தொட்டிக்கும் இதே நிலைதான். அங்கே காற்று உலர்ந்திருந்தாலும் ஒளிக்குறைவு கொடியின் வளர்ச்சியையும் நீர்த்தேவையையும் குறைத்துவிடுகிறது.

எடை 2,300 கிராமுக்கு வந்ததும் மேல் மண் இரண்டு அங்குலம் உலர்ந்திருந்தது. அதுவே அவருக்கு அடுத்த நீருக்கான அடையாளமாயிற்று. ஜூலையில் அதற்கு 11 நாட்கள் ஆயின. தராசு இல்லாதவர்கள் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் செலுத்திப் பார்க்கலாம், அல்லது தொட்டியைக் கையால் தூக்கி எடையைப் பழகிக்கொள்ளலாம். மேற்பரப்பை மட்டும் தொட்டுப் பார்ப்பது போதாது.

எல்லா மஞ்சளும் மிகை நீரால் வருவதன்று. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நர்சரியிலிருந்து வாங்கும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். அது ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் கல்லைப் போலாகி நீரை ஏற்க மறுக்கிறது. நாம் ஊற்றும் நீர் உருண்டையைச் சுற்றி ஓடி அடித்துளை வழியே உடனே வெளியேறுகிறது. தட்டில் நீரைக் கண்டு நாமும் போதுமென்று நிறுத்திவிடுகிறோம். இத்தகைய கொடியில் மஞ்சளோடு இலையோரங்கள் பழுப்பாகிக் காகிதம்போல் மொறமொறக்கும், தொட்டியும் எடையற்றிருக்கும். தொட்டியை வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து வடியவிட்டால் உருண்டை மெல்ல இளகும். அடுத்த முறை தொட்டி மாற்றும்போது அந்த உருண்டையை விரலால் உதிர்த்துவிடுவது நல்லது.

தொட்டி உரிய காலத்தில் உலர்கிறது, வேரும் வெண்மையாக இருக்கிறது, ஆனாலும் அடியிலைகள் ஒவ்வொன்றாக வெளிறுகின்றன, புதிய இலைகளும் சிறுத்து வருகின்றன என்றால், அது பசி. ஓரிரு ஆண்டுகளாக மண் மாற்றாத தொட்டிகளிலும், வெறும் நீரில் புட்டியில் வளரும் கொடிகளிலும் இதைக் காணலாம். அங்கே மண்புழு உரமோ, நீர்த்த திரவ உரமோ பயன் தரும். வேர் அழுகிய கொடிக்கு மட்டும் உடனே உரமிடலாகாது. உரத்தின் உப்பு, எஞ்சியிருக்கும் வேரையும் கருக்கிவிடும். புதிய இலை விரியும் வரை பொறுத்திருப்பதே முறை.

அழுகல் தண்டு வரை ஏறியிருந்தால் தொட்டியைக் காப்பாற்ற முயல்வதைவிட, உறுதியான தண்டில் கணுவுடன் ஒரு துண்டை வெட்டி நீரில் வைப்பது மேல். இரண்டு மூன்று வாரங்களில் வேர் விடும். கணுவில்லாத துண்டு வேர் விட்டாலும் கொடியாகாது. வெட்டியபின் கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும். இதன் சாற்றிலுள்ள நுண்ணிய படிகங்கள் தோலில் அரிப்பையும் வாயில் எரிச்சலையும் உண்டாக்குவன. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீடுகளில் இலை எட்டாத உயரத்தில் தொட்டியை வைக்கலாம்.

முழுவதும் மஞ்சளான இலை மீண்டும் பச்சையாவதில்லை, கிள்ளி எறிந்துவிடலாம். கொடி தேறுகிறதா என்பதை நுனியைப் பார்த்தே அறிய வேண்டும். மும்பை அன்பரின் தொட்டியில் ஆறாவது வாரம் புதிய இலை விரிந்தது. பீங்கான் தொட்டி இப்போது அவருடைய குடைகளைத் தாங்கி நிற்கிறது.