நாம் அழித்த ஸ்டிக்கர் எங்கே போகிறது?

கல்யாண மண்டபத்தில் எடுத்த புகைப்படத்தின் நெகடிவை நாம் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் அதிலிருந்து பிரிண்ட் போட்டு மாமா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் அனுப்பிய படங்கள் அவரவர் ஆல்பத்தில் அப்படியேதான் இருக்கும். செல்போனில் நாம் செய்து அனுப்பும் ஸ்டிக்கர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். "ஏறக்குறைய" என்று சொல்லக் காரணம், வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரியாகவும் டெலிகிராமில் வேறு மாதிரியாகவும் நடப்பதுதான். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்குச் சென்ற ஆண்டு வந்தது. நம் உறுப்பினர்களில் பலர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்தமாக ஸ்டிக்கர் செய்கிறவர்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

பூனாவில் நாங்கள் இருக்கும் காலனியில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 2023 பொங்கல் விழாவுக்காக அதற்கு 18 ஸ்டிக்கர்கள் கொண்ட ஒரு தொகுப்பை நான் செய்தேன். கரும்பு, பொங்கல் பானை, கோலம் இவற்றோடு, கும்மியடித்த குழந்தைகளில் ஒருத்தியின் படமும் அதில் இருந்தது. பட்டுப்பாவாடையோடு இடுப்பில் கைவைத்து, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கும் ஆறு வயதுப் பெண். படத்தைக் கொடுத்ததே அவளுடைய அம்மாதான். எல்லோருக்கும் பிடித்துப்போய், குழுவில் அதுதான் அதிகம் சுற்றியது.

இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாள் என்னிடம் வந்தார். "மாமா, அந்த ஸ்டிக்கரை எடுத்துடுங்களேன். பில்டிங் பசங்க அவங்க க்ரூப்ல எதுக்கெடுத்தாலும் இதைப் போட்டுக் கேலி பண்றாங்களாம். ரெண்டு நாளா அழுதுண்டு ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா" என்றார். அன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். எடுக்கவும் எடுத்தேன். ஆனால் எடுத்தது என் போனிலிருந்து மட்டும்தான் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. பையன்கள் வழக்கம்போல் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏன் அப்படி? வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் என்பது ஒரு சின்னப் படக் கோப்பு, அவ்வளவுதான். 512 பிக்சல் நீளம், 512 பிக்சல் அகலம், அசையாத படமானால் 100 கிலோபைட்டுக்குள். நாம் அதை ஒரு குழுவுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவர் போனிலும் அந்தக் கோப்பின் நகல் ஒன்று போய் இறங்குகிறது. ஆண்ட்ராய்டு போனில் WhatsApp Stickers என்ற பெயருள்ள ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் இப்படி வந்து சேர்ந்தவை வரிசையாகக் கிடக்கும். படத்தைப் பெற்றவர் அதைத் தொட்டு, தமக்குப் பிடித்தவற்றில் சேர்த்துக்கொண்டால், நட்சத்திரக் குறியிட்ட பகுதியில் அது நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் அனுப்புவது அவருடைய நகலை. என் தொகுப்பு இருக்கிறதா, போய்விட்டதா என்று அவருடைய போன் என் போனைக் கேட்பதே இல்லை. ஸ்டிக்கர் செய்வதற்கென்று இருக்கும் தனிச் செயலியில் செய்திருந்தாலும், வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் வசதியைக் கொண்டு செய்திருந்தாலும் இது ஒன்றுதான்.

தொகுப்பாகவே வாங்கி வைத்துக்கொண்டவர்கள் விஷயம் சற்று வேறு. நான் ஒரு தனிச் செயலியில் செய்து, இணைப்பை அனுப்பியிருந்தேன். சில பேர் அதே செயலியைத் தங்கள் போனில் போட்டு முழுத் தொகுப்பையும் சேர்த்திருந்தார்கள். ஆண்ட்ராய்டு போனில் அந்தத் தொகுப்பு செயலியைச் சார்ந்தே இருக்கும். செயலியை எடுத்துவிட்டால் வாட்ஸ்அப்பிலிருந்தும் தொகுப்பு மறைந்துவிடும். ஆனால் எடுக்க வேண்டியவர் அந்தப் போனின் சொந்தக்காரர், நான் அல்ல. அவர் அப்படி எடுத்தாலும், நட்சத்திரத்தில் தனியாகச் சேமித்த படம் போகாது.

இங்கே இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது. செயலியில் தொகுப்பு செய்யும்போது தொகுப்பின் பெயரையும் செய்தவர் பெயரையும் கேட்கும். நாமும் பெருமையாகக் கொடுத்துவிடுவோம். இந்த இரண்டு பெயர்களும் ஒவ்வொரு ஸ்டிக்கர் கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டு, படத்தோடு கூடவே பயணம் செய்கின்றன. யாரோ ஒருவர் எங்கேயோ அதைத் தொட்டால் அடியில் தொகுப்பின் பெயரும் நம் பெயரும் தெரியும். தொகுப்பை அழித்த பிறகும் அந்தப் பெயர் தெரிந்துகொண்டேதான் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, "தொகுப்பு இன்னும் இருக்கிறதே, நீங்கள் அழிக்கவில்லையா?" என்று என்னையே இரண்டு பேர் கேட்டார்கள். பெயர் தெரிவதால் தொகுப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அடுத்து நான் யோசித்தது Delete for everyone என்ற வசதியை. இதற்குக் காலவரம்பு உண்டு. செய்தி அனுப்பிய இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் அது வேலை செய்யும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்திக்கு அந்த வாய்ப்பே இல்லை. குழுவின் அட்மின் என்ற முறையில் மற்றவர்கள் புதிதாக அனுப்பியதை என்னால் அழிக்க முடிந்தது. ஆனால் அப்படி அழிவது அந்தச் செய்தி மட்டுமே. அதற்குள் ஒருவர் நட்சத்திரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தால் அது அவரிடம் பத்திரமாக இருக்கும். பையன்களின் குழுவிலோ நான் உறுப்பினரே இல்லை.

ஆகவே மிஞ்சியது ஒரே வழி: மனிதர்களைக் கேட்பது. எங்கள் குழுவில் ஒரு வேண்டுகோள் எழுதினேன். எந்த ஸ்டிக்கர் என்று காட்டுவதற்காக அதையே மறுபடி போட்டுவிடக் கூடாது. போட்டால் எல்லாப் போனிலும் புது நகல் ஒன்று இறங்கும். எனவே "2023 பொங்கல் தொகுப்பில் கும்மியடிக்கும் குழந்தை" என்று வார்த்தைகளால் மட்டும் சொன்னேன். செய்யவேண்டியதை வரிசையாக எழுதினேன். முதலில் பழைய உரையாடல்களில் அந்தப் படம் இருக்கும் செய்திகளை அழிக்கவும். அவை இருந்தால் அங்கிருந்து மறுபடியும் சேமிக்கலாம் அல்லவா? பிறகு ஸ்டிக்கர் பகுதியைத் திறந்து, நட்சத்திரக் குறிக்குக் கீழே அந்தப் படம் இருந்தால் விரலை அழுத்திப் பிடித்து நீக்கவும். கடைசியாக, கடிகாரக் குறி போட்ட, சமீபத்தில் பயன்படுத்தியவை உள்ள பகுதியிலும் அதேபோல் நீக்கவும். இந்தக் கடைசி இடத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நட்சத்திரத்தில் இல்லையே என்று நிம்மதியாக இருப்பார்கள். அது கடிகாரத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்.

பையன்களிடம் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினேன். அவர்களில் மூத்தவனுக்கு அவள் பள்ளிக்கூடம் போக மறுப்பது தெரியாது. "ஸாரி அங்கிள்" என்று சொல்லி, என் எதிரிலேயே நீக்கினான். மற்றவர்களையும் நீக்க வைத்தான். கேலி நின்றது. ஆனால் படம் முழுவதும் ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். நாலு மாதம் கழித்து, எங்கள் குழுவில் ஒருவருடைய மைத்துனர் சென்னையிலிருந்து அதே படத்தைப் பொங்கல் வாழ்த்தாக அவருக்கு அனுப்பியிருந்தார். கேலி எதுவும் இல்லை. அவருக்கு அந்தக் குழந்தை யாரென்றே தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அவரும் நீக்கிவிட்டார். அவர் யாருக்கெல்லாம் அனுப்பினாரோ, அது வேறு கணக்கு.

இனி டெலிகிராமுக்கு வருவோம். அங்கே அமைப்பே வேறு. நாம் செய்யும் தொகுப்பு டெலிகிராமின் சர்வரில், நூலகத்தில் ஒரே ஒரு பிரதி வைத்ததுபோல் இருக்கிறது. மற்றவர்கள் "சேர்த்துக்கொள்வது" என்பது அந்த அலமாரிக்குப் போகும் வழியைக் குறித்துக்கொள்வதுதான். ஆகவே செய்தவர் அதை அங்கே அழித்தால், சேர்த்துக்கொண்ட எல்லோருடைய பட்டியலிலிருந்தும் தொகுப்பு போய்விடும். @Stickers என்ற கணக்குக்குச் செய்தி அனுப்பி இதைச் செய்யலாம்:

```
/delpack
/delsticker
```

முதலாவது முழுத் தொகுப்பையும் அழிக்கும். இரண்டாவது ஒரே ஒரு ஸ்டிக்கரை மட்டும் எடுக்கும். எந்தத் தொகுப்பு, எந்த ஸ்டிக்கர் என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு குழப்பம் வரும். நம் பட்டியலிலிருந்து தொகுப்பை நீக்கிக்கொள்வது ஒன்று. தொகுப்பையே அழிப்பது இன்னொன்று. முன்னதைச் செய்துவிட்டு, அழித்துவிட்டோம் என்று இருந்தால், மற்றவர்களிடம் அது அப்படியே நடமாடிக்கொண்டிருக்கும். சரிபார்க்கும் வழி எளிது. பழைய உரையாடலில் அந்த ஸ்டிக்கர் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். தொகுப்பு விரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. தொகுப்பு கிடைக்கவில்லை என்று வந்தால் அழிந்துவிட்டது.

இதைக் கேட்டு, டெலிகிராமே பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். தொகுப்பு போனாலும், ஏற்கெனவே அனுப்பிய ஸ்டிக்கர்கள் உரையாடல்களில் படமாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். தவிர, யாராவது அந்தப் படத்தை எடுத்துத் தம் சொந்தத் தொகுப்பில் முன்பே சேர்த்திருந்தால் அது அவருடைய தொகுப்பு. நம்முடைய /delpack அதைத் தொடாது. டெலிகிராமில் பரவும் பாதை அடைபடுகிறது, பரவியது திரும்புவதில்லை. வாட்ஸ்அப்பில் அந்தப் பாதையையும் நம்மால் அடைக்க முடியாது.

ஒருவருடைய படத்தை ஆபாசமாக மாற்றி யாராவது ஸ்டிக்கர் செய்திருந்தால், அது இப்படி வீடு வீடாகப் போய்க் கேட்கும் விஷயமல்ல. அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் செய்தியை அழித்துவிட்டால் ஆதாரமும் போய்விடும்.

எங்கள் காலனிப் பெரியவர்கள் கூடிப் பேசி இப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். பண்டிகைத் தொகுப்புகளில் மனித முகம் கிடையாது. கோலம், பானை, ஃபில்டர் காபி டம்ளர், நம் தமிழ் எழுத்துக்கள் இவை போதும். செய்தவர் பெயர் கேட்கும் இடத்தில் சொந்தப் பெயரைப் போடாமல் காலனியின் பெயரைப் போடுகிறோம். யாராவது தம் பேரக்குழந்தையின் முகத்தை ஸ்டிக்கராக்கித் தரச் சொன்னால், செய்து தருகிறேன், ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இது பத்து வருஷம் கழித்து, நமக்குத் தெரியாத ஒருவரிடம் இருந்தால் பரவாயில்லையா?" பாதிப் பேர் கோலமே போதும் என்று சொல்லிவிடுகிறார்கள்.