முந்திரி எங்கே போனது?

ஓட்டல் ஸ்டோர் ரூமிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது சிரமம். டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும் முந்திரி, ஏலக்காய், காபித்தூள்தான் சத்தமில்லாமல் வெளியேறும். விவரம் தெரிந்த நிர்வாகி எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி காவல் காப்பதில்லை. விலை கூடியவற்றை ஸ்டோருக்குள்ளேயே தனி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்.

ஸ்டோர் காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் மட்டும் திறக்கும். மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சீட்டைப் பார்த்து, ஸ்டோர் கீப்பர் எடை போட்டுக் கொடுப்பார். சீட்டில் வரிசை எண் முன்கூட்டியே அச்சாகியிருக்க வேண்டும். எழுதாத வரிகளைக் கோடிட்டு அடிக்காவிட்டால், பிறகு யாராவது அதில் 'நெய் 1 கிலோ' சேர்த்துவிடலாம். தவறான சீட்டைக் கிழிக்கக் கூடாது; 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விட வேண்டும். மாற்றுச் சாவி ஒட்டிய கவரில், மேலே கையெழுத்தோடு கல்லாவில் இருக்கும். இரவில் அவசரத்துக்குப் பிரித்தால் அதற்கும் ஒரு சீட்டு உண்டு.

இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறதா என்பது திடீர்க் கணக்கெடுப்பில் தெரிந்துவிடும். மாதக் கடைசியில் எடுப்பதில் பயனில்லை, அன்றைக்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள். ஏதோ ஒரு புதன்கிழமை, ஐந்தாறு பொருள் போதும். எடை போடுகிறவருக்குப் புத்தக இருப்பைச் சொல்லக் கூடாது. சொன்னால் தராசு அந்த எண்ணிலேயே நிற்கும்!

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முந்திரி ஆரம்ப இருப்பு 12 கிலோ, வரவு 10, சீட்டுப்படி கொடுத்தது 15. இருக்க வேண்டியது 7 கிலோ; தராசு காட்டுவது 5.6. உடனே யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. முதலில் சீட்டு எண்களைப் பார்க்க வேண்டும். 214-க்குப் பிறகு 216 வருகிறது. விடுபட்ட 215, சனிக்கிழமை விசேஷ ஆர்டருக்குக் கொடுத்த 1 கிலோ, புத்தகத்தில் ஏறவில்லை. மீதி 400 கிராம். வந்த டின்னை இறக்கும்போதே எடை போட்டார்களா, அல்லது பில்லை நம்பினார்களா என்பது அடுத்த கேள்வி. அதுவும் சரியென்றால், 'கையால் அள்ளிக் கொடுத்த' பழக்கம் காரணமாக இருக்கலாம். தராசைக் கட்டாயமாக்கிய பிறகும் வாராவாரம் அதே அளவு குறைந்தால், ஆளைக் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எண்ணெயில் இன்னொரு குழப்பம் உண்டு. 15 லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 13.7 கிலோதான். வரவை லிட்டரிலும் செலவைக் கிலோவிலும் எழுதினால், திருட்டே இல்லாமல் கணக்கு உதைக்கும்.

பூட்டு எட்டாத இடம் சமையலறை. சீட்டோடு முறையாக வெளியே வந்த முந்திரி அங்கிருந்து மறைந்தால் ஸ்டோர் கணக்கு அதைக் காட்டாது. பில்லோடுதான் ஒப்பிட வேண்டும். பொங்கலுக்குத் தட்டுக்கு 5 கிராம் என்றால் 1 கிலோ 200 தட்டுக்கு வரும். அன்று பில் ஆனது 140 தட்டு. வீணானதாக எதுவும் எழுதப்படவில்லை என்றால், கடை சாத்தும்போது மாஸ்டரின் டப்பாவில் 300 கிராமாவது இருந்தாக வேண்டும்.