காளைக் கன்றோடு பிறந்த கிடாரி

ஒரே ஈற்றில் பசு இரண்டு கன்று போடுகிறது. ஒன்று காளை, மற்றது கிடாரி. வீட்டில் எல்லோருடைய கண்ணும் கிடாரியின் மேல்தான் இருக்கும். நாளைக்குப் பால் தரப்போவது அதுதானே. ஆனால் இப்படிப் பிறக்கும் கிடாரிகளில் 100க்கு 90க்கு மேல் சினை பிடிப்பதே இல்லை. மற்றக் கன்றுகளைப் போலவே நன்றாகத் தின்னும், வளரும். வயதாகியும் பருவத்துக்கு வராதபோதுதான் சந்தேகம் எழும். அதற்குள் எவ்வளவோ தீவனம் செலவாகியிருக்கும்.

இங்கிலாந்து விவசாயிகள் இத்தகைய கிடாரியை 'ஃப்ரீமார்ட்டின்' என்று அழைத்தார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் சில ஃப்ரீமார்ட்டின்களை அறுத்துப் பார்த்து 1779-ல் ஒரு கட்டுரை எழுதினார். பெண் உறுப்புகள் பாதி வளர்ச்சியில் நின்றிருந்ததையும், உள்ளே ஆண் உறுப்புகளின் சாயல் இருந்ததையும் அவர் விவரித்தார். ஏன் அப்படி ஆயிற்று என்பது மட்டும் பிடிபடவில்லை.

விடை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லில்லி, அந்த நகரத்தின் இறைச்சிக்கூடங்களிலிருந்து இரட்டைக் கரு உள்ள கருப்பைகளை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தார். சினைப்பைகளில் இரண்டு கருமுட்டைகள் வெளிவந்த தடம் இருந்தது. ஆக, இவை ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து உண்டான கன்றுகள் அல்ல. தனித்தனி முட்டையில் உருவான அண்ணன் தங்கை. ஆனால் இரண்டின் கருச்சவ்வுகளும் ஒட்டி, ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. அபூர்வமாக ஓரிரு ஜோடிகளில் அந்த இணைப்பு ஏற்படவில்லை. அங்கே கிடாரிக் கருவின் உறுப்புகள் குறையில்லாமல் வளர்ந்திருந்தன! இந்த ஒப்பீடுதான் குற்றவாளி யார் என்பதைக் காட்டிக்கொடுத்தது. 1916-ல் லில்லி தன் விளக்கத்தை வெளியிட்டார்.

எல்லாமே முந்திக்கொள்வதில் இருக்கிறது. சினை பிடித்து ஏறக்குறைய 30 முதல் 40 நாளுக்குள் குழாய்கள் இணைந்து, இரண்டு கருவுக்கும் ரத்தம் பொதுவாகிவிடுகிறது. ஏறக்குறைய அதே சமயத்தில் காளைக் கருவின் விரைகள் உருவாகி வேலையைத் தொடங்குகின்றன. கருப்பையாக மாற வேண்டிய குழாய் காளைக் கருவுக்குத் தேவையில்லை. அதைக் கரைத்துவிட விரைகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. பொது ரத்தத்தில் கலந்து அந்த ஹார்மோன் தங்கையின் உடம்புக்கும் போய்விடுகிறது. அங்கேயும் அதே வேலையைச் செய்து, கருப்பையும் அதன் வாயும் உருவாகவிடாமல் தடுக்கிறது. சினைப்பையும் குன்றிப்போகிறது. கிடாரியின் சினைப்பை மெதுவாகவே வளர்வதால், அண்ணன் மேல் அதற்கு அப்படி ஒரு பிடி இல்லை. அதனால்தான் கூடப் பிறந்த காளை பெரும்பாலும் இனப்பெருக்கத் திறனோடு இருக்கிறது.

ரத்தம் எவ்வளவு கலக்கிறது என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் 1945-ல் காட்டினார். கெர்ன்சி இனப் பசு ஒன்று கெர்ன்சிக் காளையோடும் ஹெரிஃபோர்டு காளையோடும் சேர்ந்து, ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் கன்றுகளைப் போட்டது. இரண்டு கன்றின் ரத்தத்திலும் இருவகைச் சிவப்பணுக்கள் இருந்தன. தன் தகப்பனிடமிருந்து வந்திருக்கவே முடியாத அணுக்கள்கூட ஒவ்வொன்றிடமும் இருந்தன. வளர்ந்த பிறகும் அவை மறையவில்லை. கருவிலேயே உடன்பிறப்பின் ரத்தம் உண்டாக்கும் அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிட்டதே காரணம்.

இந்தக் கலப்பு இன்று பரிசோதனைக்கு உதவுகிறது. கிடாரியின் ரத்தத்தில் ஆணுக்கு உரிய ஒய் குரோமோசோம் தென்பட்டால், அது ஃப்ரீமார்ட்டின் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆய்வகம் இல்லாத இடத்தில் கால்நடை மருத்துவர் ஒரு குழாயை வைத்தே பார்த்துவிடுவார். பிறந்து ஒரு மாதத்துக்குள், முனை மழுங்கிய வழுவழுப்பான குழாயில் மசகு தடவி, பிறப்புறுப்புக்குள் மெல்லச் செலுத்துவார். நல்ல கிடாரியில் அது சுமார் 13 முதல் 15 செ.மீ. வரை போகும். ஃப்ரீமார்ட்டினில் 5 முதல் 8 செ.மீ.யிலேயே முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் அழுத்தினால் உள்ளே கிழிந்துவிடும் என்பதால் பழகிய கைதான் இதைச் செய்ய வேண்டும். வெளியே பெண்குறியின் நுனியில் நீண்ட முடிக்கற்றை தொங்குவதும் ஓர் அடையாளம். ஆனால் எல்லாக் கன்றிலும் அது இருக்காது. வளர்ந்த கிடாரியாக இருந்தால் ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்ப்பார்கள். கருப்பை வாய் கைக்குத் தட்டுப்படாது.

இந்தக் குறைக்கு மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. உருவாகாத கருப்பையை எந்த ஊசியாலும் உருவாக்க முடியாது. அதனால் பருவ ஊசிக்கும் சினை ஊசிக்கும் பணத்தைக் கொட்டுவதற்கு முன் பரிசோதித்துவிடுவதே நல்லது. காளையோடு பிறந்துவிட்டது என்பதற்காகவே கன்றைக் கழித்துக்கட்டுவதும் சரியல்ல. குழாய்கள் இணையாமல் தப்பிய கிடாரிகள், 100க்கு 10க்கும் குறைவுதான் என்றாலும், மற்றப் பசுக்களைப் போலவே ஈனும்.

ஒற்றையாகப் பிறந்த கிடாரியும் ஃப்ரீமார்ட்டினாக இருக்கலாம். ரத்தக்குழாய்கள் இணைந்த பிறகு காளைக் கரு மட்டும் இறந்து கரைந்துபோனால், ஈனும் நாளில் ஒரே கன்றுதான் வெளியே வரும். அதற்கு ஓர் அண்ணன் இருந்தது யாருக்கும் தெரியாது. தனியாகப் பிறந்த கிடாரி காரணமே இல்லாமல் பருவத்துக்கு வராதபோது, அதன் ரத்தத்திலும் ஒய் குரோமோசோமைத் தேடிப் பார்ப்பது இதனால்தான்.