கூரியர் ரசீதில் ஒளிந்திருக்கும் இரண்டு எண்கள்

சென்னையிலிருந்து மதுரைக்கு 18,000 ரூபாய் செல்போன் ஒன்றை கூரியரில் அனுப்புகிறீர்கள். கட்டணம் 120 ரூபாய். வழியில் பார்சல் தொலைந்துவிட்டது. சட்டப்படி எவ்வளவு கிடைக்கும்? பொருளின் மதிப்பைப் படிவத்தில் எழுதி, அதற்கான கூடுதல் ரிஸ்க் கட்டணத்தையும் கட்டியிராவிட்டால் 1,200 ரூபாய்தான்.

2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர் நிறுவனங்களையும் தனக்குள் கொண்டுவருகிறது. அதன் விதிகளின்படி, இழப்பீட்டின் உச்சம் கட்டணத்தைப் போல பத்து மடங்கு. அந்தப் பத்துதான் முதல் எண். பொருளின் விலையை அந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. படிவத்தில் மதிப்பு 500 ரூபாய் என்று குறைத்து எழுதியிருந்தால் இன்னும் மோசம்; அந்த 500ஐத் தாண்ட முடியாது. பார்சல் தாமதமானால் கட்டணத் தொகைதான் வரம்பு. அதுவும் படிவத்தில் ஒப்புக்கொண்ட காலம்வரையான தாமதத்துக்கு.

கையெழுத்திட்ட படிவத்தின் வலிமையை 1996இல் உச்ச நீதிமன்றம் காட்டியது. பாரதி நிட்டிங் கம்பெனி ஜெர்மனிக்கு ஆடைகளை அனுப்பிவிட்டு, அவற்றுக்கான ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. நகல்கள் போவதற்குள் கோடை விற்பனைக் காலம் முடிந்துவிட, வாங்கியவர் விலையைக் குறைத்தார். நான்கு லட்சத்துக்கும் மேல் நட்டம். கிடைத்ததோ படிவத்தில் அச்சிட்டிருந்த 100 டாலர்.

இரண்டாவது எண் 180. வழக்குப் போடுவதற்கு முன், பார்சலைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் கூரியருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு தர வேண்டும். தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து அல்ல! ஜூன் 3இல் பதிவு செய்திருந்தால் நவம்பர் 30 கடைசி. “தேடிக்கொண்டிருக்கிறோம் சார்” என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்லும் வாரங்களும் இந்தக் கணக்கில்தான் கரைகின்றன. தொலைபேசிப் புகாரை நம்பி இருக்க வேண்டாம்; ரசீது எண், பதிவு செய்த தேதி, பொருள், கேட்கும் தொகை நான்கையும் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

அலட்சியம் நடந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டம் அந்தச் சுமையை உங்கள்மேல் வைக்கவில்லை. மதிப்புக்கான ஆதாரம் மட்டும் உங்கள் பொறுப்பு. கடை பில், பணம் கட்டிய வங்கிப் பதிவு, பேக் செய்யும்போது எடுத்த படம் போதும். ரசீதில் உள்ள எடையையும் பாருங்கள். 900 கிராமில் கிளம்பிய பெட்டி 400 கிராமில் வந்தால், வழியில் பொருள் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்த வித்தியாசமே பெரிய சாட்சி.

அறிவிப்புக்குப் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அந்த இரண்டு ஆண்டை நம்பி 180 நாளைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.