சாய்சட்டம் இழுபடுகிறதா, அமுங்குகிறதா?

பழைய ரயில் பாலங்களில் தண்டவாளத்தின் இருபுறமும் இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்திருப்பார்கள். இந்தக் கோப்புக்கு ட்ரஸ் என்று பெயர். பாரம் ஏறும்போது சில சட்டங்கள் இழுபடும், சில அமுங்கும். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவற்றின் கனத்தை முடிவு செய்ய முடியாது. இழுபடும் சட்டம் மெல்லிய கம்பியாக இருந்தாலும் தாங்கும். அமுங்கும் சட்டம் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால், இரும்பு நசுங்குவதற்கு வெகு முன்பே பக்கவாட்டில் வளைந்து மடங்கிவிடும்.

1844-இல் அமெரிக்காவில் காலெப் பிராட்டும் அவர் மகன் தாமஸும் காப்புரிமை பெற்ற வடிவத்தை ஒரு தாளில் வரைந்து பார்ப்போம். கீழே ஒரே நேர்கோட்டில் க, ச, ட, த, ப என்று ஐந்து மூட்டுகள், மும்மூன்று மீட்டர் இடைவெளியில். க-வும் ப-வும் கரைத் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ச, ட, த மூன்றுக்கும் நேர் மேலே, 4 மீட்டர் உயரத்தில், ம, ய, ர. கீழ் வரிசையையும் மேல் வரிசையையும் சட்டங்களால் இணையுங்கள். ச-ம, ட-ய, த-ர என்று மூன்று செங்குத்துச் சட்டங்கள். ஓரங்களில் க-ம, ப-ர. உள்ளே ம-ட, ர-ட. சாய்ந்த சட்டம் ஒவ்வொன்றும் 5 மீட்டர்.

நடுவில் ட மூட்டில் 12 டன் வைக்கிறோம். பாரம் சரிநடுவில் இருப்பதால் ஒவ்வொரு கரையும் 6 டன் மேல்நோக்கித் தாங்கும். இனி ஒரு விதி போதும்: எந்த மூட்டும் நகரவில்லை, ஆகவே அதன் மேல் விழும் விசைகள் மேலும் கீழும், இடமும் வலமும் ஒன்றையொன்று ஈடுகட்டியாக வேண்டும்.

க-வில் தொடங்குவோம். கரை 6 டன் மேலே தள்ளுகிறது. அதைக் கீழே அழுத்தக்கூடியது சாய்ந்த க-ம மட்டுமே, ஏனெனில் க-ச படுக்கையாகக் கிடக்கிறது. மூட்டைத் தள்ளும் சட்டம் அமுங்குகிறது. மூட்டைத் தன் பக்கம் இழுக்கும் சட்டம் இழுபடுகிறது. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்: அம்புக்குறியைச் சட்டத்தின் மேல் அல்ல, மூட்டின் மேல் வரைய வேண்டும். சாய்வில் 5-க்கு 4 பங்கு செங்குத்து என்பதால் க-ம-வில் 7.5 டன் அமுக்கம். அது க-வை 4.5 டன் இடப்பக்கமும் தள்ளுகிறது. அதை ஈடுகட்ட க-ச 4.5 டன் இழுக்கிறது.

ச மூட்டில் இப்போது பாரமில்லை. மேலே கீழே விசை தரக்கூடியது ச-ம ஒன்றுதான். அதற்கு ஈடுகொடுக்க வேறொன்றும் இல்லாததால் அதில் விசை பூஜ்யம். ம-வில் க-ம 6 டன் மேலே தள்ளுவதால், ம-ட அதே 6 டன்னைக் கீழே இழுக்க வேண்டும்: 7.5 டன் இழுவிசை. இவை இரண்டும் சேர்ந்து ம-வை வலப்பக்கம் 9 டன் கொண்டுபோகப் பார்க்கும். எதிர்த்துத் தள்ளும் ம-ய 9 டன் அமுங்குகிறது. வலப்பாதியும் இப்படியே. கணக்கு சரிதானா என்பதை ட மூட்டு சொல்லிவிடும்: இரு சாய்சட்டங்களும் தலா 6 டன் மேலே இழுக்க, 12 டன் நிற்கிறது.

பலர் இத்துடன் படத்தில் குறிபோட்டுவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். ஆனால் ரயில் ஓடும். அதே 12 டன்னை ச மூட்டுக்கு நகர்த்துங்கள். இப்போது க 9 டன் தாங்குகிறது, ப 3 டன். சும்மா இருந்த ச-ம பாரம் முழுவதையும் ஏந்தி 12 டன் இழுபடுகிறது. ம-வை க-ம 9 டன் மேலே தள்ளுகிறது, ச-ம 12 டன் கீழே இழுக்கிறது. மிச்சம் 3 டன்னை மேல்நோக்கித் தர ம-ட-வை விட்டால் ஆளில்லை. அது ம-வைத் தள்ள வேண்டும். சற்றுமுன் 7.5 டன் இழுபட்ட சட்டம் இப்போது 3.75 டன் அமுங்குகிறது. கயிற்றால் இழுக்க முடியும், தள்ள முடியாது. மெல்லிய கம்பியின் நிலையும் அதுதான்.

இதற்காகவே பழைய பிராட் பாலங்களின் நடுக்கட்டங்களில் எதிர்த்திசையில் இன்னொரு மெல்லிய கம்பி குறுக்கே போகும். நம் படத்தில் அது ச-ய. ம-ட தளரும்போது ச-ய இழுபட்டு அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்.

அந்தக் கம்பி எல்லாப் பாலத்துக்கும் தேவையில்லை. பாலத்தின் சொந்த எடை ச, ட, த மூன்றிலும் தலா 4 டன் என்றால், அது ம-ட-வை எப்போதும் 2.5 டன் இழுத்து வைத்திருக்கும். ச-வில் ரயிலின் 12 டன் ஏறும்போது அந்த இழுவிசை தீர்ந்து 1.25 டன் அமுக்கம் மிஞ்சும். குறுக்குக் கம்பி வேண்டும். சொந்த எடை தலா 8 டன் என்றால் ம-ட-வில் 5 டன் இழுவிசை ஏற்கெனவே இருக்கும். ரயில் 3.75-ஐத் தின்ற பிறகும் 1.25 டன் இழுவிசை மிஞ்சுவதால் அந்தக் கனமான பாலத்தில் குறுக்குக் கம்பிக்கு வேலையில்லை.