மூச்சுக்குழாயின் உபரிக் கணக்கு

ஆஸ்துமா உள்ளவர் சால்பியூட்டமால் இன்ஹேலரை உறிஞ்சியதும் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய்த் தசை தளர்கிறது. மருந்து போய் ஒட்டும் இடம் அந்தத் தசைச் செல்களின் மேலுள்ள பீட்டா-2 ஏற்பி. எத்தனை ஏற்பிகளில் மருந்து ஒட்டியிருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் பலன் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1956-இல் ஸ்டீஃபன்சன் இதை மறுத்தார். வீரியமுள்ள மருந்து, ஏற்பிகளில் ஒரு சிறு பங்கை மட்டுமே பிடித்து முழுப் பலனையும் தந்துவிடலாம் என்றார். ஒவ்வோர் ஏற்பியின் சமிக்ஞையும் செல்லுக்குள் பல மடங்காகப் பெருகுவதால்தான் இது முடிகிறது. மிச்சம் நிற்பவையே உபரி ஏற்பிகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மருந்து 100 நானோமோலார் செறிவில் பாதி ஏற்பிகளைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திசுவில் 10 சதவீத ஏற்பிகள் நிரம்பினால் முழுப் பலன், 5 சதவீதம் நிரம்பினால் பாதிப் பலன். அப்படியானால் பாதிப் பலனுக்கு 5 நானோமோலார் சொச்சம் போதும். இப்போது, மீளாமல் ஒட்டிக்கொள்ளும் ஒரு தடுப்பானைக் கொண்டு 80 சதவீத ஏற்பிகளை அழித்துவிடுவோம். மொத்தத்தில் 5 சதவீதம் என்பது, எஞ்சிய 20 சதவீதத்தில் கால் பங்கு. அதற்கு 33 நானோமோலார் வேண்டும். முழுப் பலனுக்கு எஞ்சியதில் பாதி நிரம்ப வேண்டும். அது 100 நானோமோலாரில் நடக்கும். வரைபடத்தின் கோடு வலப்பக்கம் நகர்கிறது, உச்சம் அப்படியே நிற்கிறது. 95 சதவீதத்தை அழித்தால்தான் உச்சமே பாதியாகச் சரியும். முதலில் நகர்வு, பிறகு சரிவு: உபரி இருப்பதற்கு ஆய்வுக்கூடத்தில் தேடும் அடையாளம் இதுதான்.

‘உபரி’ என்று தனியாக ஒரு ரகம் கிடையாது. எது உபரி என்பது மருந்தைப் பொறுத்தது. முழு வீரியமுள்ள ஐசோபிரினலினுக்கு மூச்சுக்குழாயில் தாராளமாக மிச்சம் உண்டு. பகுதி வீரியமுள்ள சால்பியூட்டமாலுக்கு அதைவிட அதிக ஏற்பிகள் வேண்டியிருப்பதால் மிச்சம் குறைவு. தசை கடுமையாக இறுகியிருந்தால், அதைத் தளர்த்த இன்னும் அதிக ஏற்பிகள் தேவை. இருந்த மிச்சமும் கரைந்துபோகும். பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இதுதான் விஷயத்தின் மையம் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் அடுத்து வருவது ஏற்பிகளின் மரப்பு. தூண்டப்பட்ட ஏற்பியின் வால் பகுதியில் ஜி.ஆர்.கே. என்ற நொதி பாஸ்பேட்டுகளைச் சேர்க்கிறது. அங்கே அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி, ஜி புரதத்தோடு உள்ள தொடர்பைத் துண்டிக்கிறது. பிறகு ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவும் உதவுகிறது. மருந்து விலகினால் பாஸ்பேட் நீங்கி, ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்பும். நாட்கணக்கில் தூண்டல் தொடர்ந்தால் ஏற்பிகள் சிதைக்கப்பட்டு எண்ணிக்கையே குறையும்.

இந்த இழப்பு உபரி இருக்கும்வரை வெளியே தெரிவதில்லை. சால்மெட்ரால் போன்றவற்றைத் தினமும் உறிஞ்சுபவருக்கு, சாதாரண நாளில் மூச்சுக்குழாய் விரிவது பெரிதாகக் குறையாது. ஆனால் மெத்தகோலின் போன்ற இறுக்கியைக் கொடுத்துச் சோதித்தால், மருந்தின் பாதுகாப்பு தேய்ந்திருப்பது தெரியும். கோளாறு ஏற்பியில்தானா என்று அறிய, செல்களில் ஃபோர்ஸ்கோலினைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அது ஏற்பியைத் தொடாமல் அடினைலில் சைக்ளேஸ் நொதியை நேரே தூண்டும். அப்போது சைக்ளிக் ஏ.எம்.பி. வழக்கம்போல் உயர்ந்தால், பழுது நொதியில் இல்லை, அதற்கு முந்தைய படியில். உறிஞ்சும் ஸ்டீராய்டு அழற்சியைத் தணிப்பதோடு பீட்டா-2 ஏற்பி உற்பத்தியையும் கூட்டுகிறது. சால்பியூட்டமாலை மட்டும் நம்பி ஆஸ்துமாவை நடத்த வேண்டாம் என்று 2019-இல் ஜினா வழிகாட்டுதல் சொன்னபோது, முதன்மைக் காரணம் கடுமையான தாக்குதல்களின் அபாயம்தான். மரப்பு அதன் பின்னணியில் உள்ள ஓர் இழை.

இதுவரை, மருந்து வந்தால்தான் ஏற்பி விழிக்கும் என்று பேசிவந்தோம். உண்மையில் சில ஏற்பிகள் மருந்தே இல்லாமலும் தாமாகச் செயல்நிலைக்குப் போய்வருகின்றன. சாதாரணத் திசுவில் இது கண்ணுக்குப் படாத அளவு. 1990-களின் நடுவில், இதயத்தில் பீட்டா-2 ஏற்பிகளை ஏராளமாக உற்பத்தி செய்யும் எலிகளை உருவாக்கியபோது, தூண்டல் இல்லாமலே இதயம் வேகமாகத் துடித்தது. ஐ.சி.ஐ. 118,551 என்ற சேர்மம் அந்த அடிநிலைச் செயலையே கீழே இறக்கியது. இப்படிச் செய்வதுதான் எதிர்த்திசைத் தூண்டி. நடுநிலைத் தடுப்பான் அடிநிலையைத் தொடாது. தூண்டியையும் எதிர்த்திசைத் தூண்டியையும் இடம்பிடிக்க விடாமல் மட்டும் தடுக்கும். நாம் சளிக்கும் அரிப்புக்கும் விழுங்கும் செட்டிரிசினும், ஹிஸ்டமின் ஹெச்-1 ஏற்பியில் எதிர்த்திசைத் தூண்டிதான்.

இங்கே ஏமாறுவது எளிது. திசுவில் அட்ரினலின் கொஞ்சம் தங்கியிருந்தாலும் சாதாரணத் தடுப்பான் அதை விரட்டி, அடிநிலையைக் குறைத்ததுபோல் காட்டும். அதனால் உடலின் சொந்தத் தூண்டிகளை அகற்றிய பிறகே சோதனை செல்லும். மறுபுறம், அடிநிலைச் செயலே இல்லாத திசுவில் இரண்டு வகை மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

மரப்பின் மறுபக்கமும் உண்டு. புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பானை நெடுநாள் சாப்பிட்டால் ஏற்பிகளின் எண்ணிக்கை கூடிவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், காத்திருந்த அட்ரினலின் அத்தனையையும் தூண்டி, படபடப்போ நெஞ்சுவலியோ வரலாம். அதனால்தான் அளவை ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.