ஷேர் விண்ணப்பப் பணம்: பிளாக் ஆனது எவ்வளவு, போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு?

புதிய ஷேர் வெளியீட்டிற்கு விண்ணப்பித்த வாசகர்கள் பலர், அதன் வரவு செலவை எக்ஸெல் ஷீட்டில் எழுதும்போது ஓர் இடத்தில் தடுமாறுகின்றனர். விண்ணப்பித்த தொகை ஒன்று, ஷேர் கிடைத்தது அதைவிடக் குறைவாக. அப்படியானால் மீதிப் பணம் "ரீஃபண்ட்" ஆக வந்திருக்க வேண்டும். ஆனால் பாஸ்புக்கில் எவ்வளவு தேடினாலும் அப்படி ஒரு வரவு வரி இருக்காது. பணம் தொலைந்துவிட்டதா? இல்லை. பணம் உங்கள் கணக்கை விட்டுப் போகவேயில்லை என்பதுதான் விஷயம்.

முன்பு நிலைமை வேறு. செக் கொடுத்து விண்ணப்பித்தால், அந்தப் பணம் உடனே கணக்கிலிருந்து எடுக்கப்படும். ஷேர் கிடைக்காவிட்டால் ரீஃபண்ட் வாரண்ட் தபாலில் வரும், அல்லது கணக்கில் வரவு வைக்கப்படும். 2008ல் செபி அமைப்பு ஆஸ்பா என்ற முறையைக் கொண்டு வந்தது. இதில் பணம் எடுக்கப்படுவதில்லை; உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே பூட்டி வைக்கப்படுகிறது. வங்கிக்காரர்கள் இதனை "லீன்" என்பார்கள். 2016 ஜனவரி முதல் எல்லா விண்ணப்பங்களுக்கும் இந்த முறை கட்டாயமானது. 2019 முதல் யு.பி.ஐ. வழியாகவும் பிளாக் செய்யும் வசதி வந்தது. ஆனால் நம்மில் பலருடைய ஷீட் மட்டும் இன்னும் செக் காலத்துத் தலைப்புகளுடனேயே இருக்கிறது: "கட்டிய தொகை", "ரீஃபண்ட் வந்த தொகை".

இதனை எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றைக் கொண்டே பார்க்கலாம். நான் இருப்பது மண்ணூரில். இங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலை. 2024 அக்டோபர் 15 முதல் 17 வரை ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் ஷேர் வெளியீடு நடந்தபோது, இந்தப் பகுதியில் டீக்கடையில்கூட அதே பேச்சுதான். 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியாவில் வந்தவற்றிலேயே பெரியது. ஒரு ஷேரின் விலை 1,865 முதல் 1,960 ரூபாய். குறைந்தது 7 ஷேர். ஊழியர்களுக்கு ஒரு ஷேருக்கு 186 ரூபாய் தள்ளுபடி உண்டு. அக்டோபர் 18ல் ஒதுக்கீடு, 22ல் சந்தையில் பட்டியல்.

என் தெருவில் ஒருவர் ஊழியர் பிரிவில் விண்ணப்பித்தார். அவர் மனைவி சிறு முதலீட்டாளர் பிரிவில். அவர்களுடைய எண்களை அப்படியே அச்சில் போடுவது சரியாகாது என்பதால், கணக்கு புரியும்படி மாற்றித் தருகிறேன். கணவர் கேட்டது 70 ஷேர். தள்ளுபடி போக ஒரு ஷேர் 1,774 ரூபாய். எனவே பிளாக் ஆனது 1,24,180 ரூபாய். கிடைத்தது 42 ஷேர். மனைவி கேட்டது 7 ஷேர், 1,960 வீதம் 13,720 ரூபாய், ஏழும் கிடைத்தன. மனைவிக்குக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. அந்த வெளியீட்டில் சிறு முதலீட்டாளர் பிரிவில், ஒதுக்கிய ஷேர்களில் பாதி அளவுக்குத்தான் விண்ணப்பமே வந்தது. ஊழியர் பிரிவில் ஒதுக்கியதைப் போல் 1.74 மடங்கு கேட்டிருந்தார்கள். ஒரே வீடு, ஒரே கம்பெனி என்றாலும், எந்தப் பிரிவில் விண்ணப்பித்தோம் என்பதை ஷீட்டில் எழுதி வைப்பது அவசியம். விலையே பிரிவுக்குப் பிரிவு மாறுகிறது. 2022ல் எல்.ஐ.சி. வெளியீட்டிலும் இதே கதைதான். 949 ரூபாய் ஷேர் சிறு முதலீட்டாளருக்கு 904, பாலிசிதாரருக்கு 889.

கணவர் தன் ஷீட்டில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? மொபைலில் பிளாக் ஆன செய்தி வந்த அன்று 1,24,180 செலவு. பின்னர் பாஸ்புக்கில் 74,508 என்று ஒரு பற்று வரியைப் பார்த்ததும் அதையும் செலவு. ஆக 1,98,688 ரூபாய் போய்விட்டதாகக் கணக்கு. "மீதி 49,672 ரீஃபண்ட் இன்னும் வரவேயில்லைங்க" என்று மாதக் கணக்கில் காத்திருந்தார். உண்மையில் அவர் கணக்கிலிருந்து போனது 74,508 மட்டுமே. 42 ஷேரை 1,774ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே தொகை வரும்.

அவருடைய வங்கி ஸ்டேட்மெண்ட்டை இப்படிப் படிக்க வேண்டும். விண்ணப்பத்திற்கு முன் கணக்கில் 1,60,000 ரூபாய் இருந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். பிளாக் ஆன மறுநாளும் பாஸ்புக் இருப்பு அதே 1,60,000தான் காட்டும். ஆனால் நெட் பேங்கிங்கில் "Available Balance" என்ற இடத்தில் 35,820 என்றிருக்கும். வித்தியாசம் 1,24,180, அதுதான் பூட்டு. ஒதுக்கீட்டிற்குப் பிறகு 74,508 எடுக்கப்பட்டு, பூட்டு திறக்கப்படும். அப்போது பாஸ்புக் இருப்பு 85,492. எடுக்கக்கூடிய இருப்பும் 85,492. ரீஃபண்ட் என்று நீங்கள் தேடும் 49,672, இந்த இரண்டாவது எண் 35,820லிருந்து 85,492க்கு ஏறியதில்தான் இருக்கிறது. அதற்கென்று தனி வரி வராது. பணம் உங்கள் கணக்கிலேயே இருந்ததால், பூட்டியிருந்த நாட்களுக்கும் சேமிப்பு வட்டி உண்டு.

(ஓரிரு வங்கிகளின் ஸ்டேட்மெண்ட்டில் பிளாக் செய்ததும் விடுவித்ததும் இரண்டு வரிகளாக அச்சாகலாம். அப்படி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக் கொள்ளும். செலவாகவோ வருமானமாகவோ எழுத வேண்டாம்.)

எண்களை எங்கிருந்து எடுப்பது? பிளாக் ஆன தொகையை வங்கி எஸ்.எம்.எஸ். அல்லது யு.பி.ஐ. செயலியின் மேண்டேட் பகுதியிலிருந்து எடுக்கவும். விண்ணப்பித்ததற்கான செய்தியும், பிளாக் ஆனதற்கான செய்தியும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். விண்ணப்பித்துவிட்டு மேண்டேட் கோரிக்கைக்குப் பின் நம்பர் போட்டு ஒப்புதல் தராமல் விட்டால் எதுவும் பிளாக் ஆகாது. அந்த விண்ணப்பம் செல்லாது. வெளியீடு முடியும் நாள் மாலை 5 மணிதான் அதற்குக் கடைசி நேரம்.

கிடைத்த ஷேர்களின் எண்ணிக்கையைப் பதிவாளர் தளத்தில் பார்க்கலாம். ஹூண்டாய்க்குப் பதிவாளர் கேஃபின் டெக்னாலஜீஸ். கம்பெனியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பான் எண் அல்லது விண்ணப்ப எண்ணை டைப் செய்தால் Applied, Allotted என்று இரு எண்கள் கிடைக்கும். இந்தப் பக்கத்தை Ctrl+P அழுத்தி பி.டி.எப். ஆக உடனே சேவ் செய்து கொள்ளவும். வெளியீடு பழையதானால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். உங்கள் டீமேட் ஸ்டேட்மெண்ட் ஷேர் எண்ணிக்கையைத்தான் சொல்லுமே தவிர, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைச் சொல்லாது. தள்ளுபடி விலையில் வாங்கியவர்களுக்கு இதனால்தான் பின்னால் குழப்பம் வருகிறது. 1,960 என்று எங்காவது படித்ததை வைத்து லாபம் போடுவார்கள், வாங்கியதோ 1,774க்கு.

எடுக்கப்பட்ட தொகைக்கு வங்கி ஸ்டேட்மெண்ட் மட்டுமே சாட்சி. யு.பி.ஐ. செயலியை இதற்கு நம்ப வேண்டாம். மேண்டேட் என்பது "இவ்வளவு வரை எடுத்துக் கொள்ளலாம்" என்ற ஒப்புதல். ஆகவே 74,508 மட்டும் எடுத்த பிறகும், சில செயலிகள் அந்த மேண்டேட்டை 1,24,180 என்ற பழைய தொகையுடனேயே காட்டும்.

இனி ஷீட். விண்ணப்பம் ஒன்றுக்கு ஒரு வரி. A வில் பெயரும் பிரிவும், B யில் பிளாக் ஆன தேதி, C யில் கேட்ட ஷேர், D யில் விண்ணப்ப விலை, E யில் பிளாக் ஆன தொகை, F ல் கிடைத்த ஷேர், G யில் இறுதி விலை, H ல் எடுக்கப்பட்ட தொகை. D, G இரண்டிலும் தள்ளுபடி போன விலையைத்தான் போட வேண்டும். இவை எல்லாவற்றையும் ஆவணத்தைப் பார்த்து நீங்களே டைப் செய்யவும். E யையும் H ஐயும் பார்முலாவில் போட்டுவிட்டால், வங்கி தவறு செய்தாலும் ஷீட் சரி என்றே சொல்லும். பார்முலா இரண்டே இரண்டு, I2 விலும் J2 விலும்:

```
=E2-H2
=IF(AND(E2=C2*D2,H2=F2*G2),"OK","CHECK")
```

I யில் வருவது விடுவிக்கப்பட வேண்டிய தொகை. நம் உதாரணத்தில் கணவருக்கு 49,672, மனைவிக்கு 0. விலைக்கு ஏன் இரண்டு பத்தி என்று கேட்கலாம். இறுதி விலை, நீங்கள் விண்ணப்பித்த விலையைவிடக் குறைவாக முடிவானால், கேட்ட ஷேர் முழுவதும் கிடைத்தாலும் கொஞ்சம் பணம் விடுவிக்கப்படும். ஹூண்டாயில் மேல் விலையான 1,960லேயே முடிவானதால் அந்த வேறுபாடு இல்லை.

கடைசியாக K யில் பாஸ்புக் இருப்பு, L ல் எடுக்கக்கூடிய இருப்பு, M ல் `=K2-L2`. ஷேர் சந்தைக்கு வந்த நாளில் இந்த இரண்டு இருப்புகளையும் பார்த்து எழுதவும். M ல் 0 வந்தால் பூட்டு திறந்துவிட்டது. I யில் உள்ள அதே தொகை M லும் வந்தால், விடுவிக்க வேண்டிய பணம் இன்னும் பூட்டிலேயே இருக்கிறது. வேறொரு வெளியீட்டிற்கும் அதே சமயம் விண்ணப்பித்திருந்தால் அந்தத் தொகையும் M ல் சேர்ந்து வரும். அதைக் கழித்துப் பார்க்கவும்.

பூட்டு திறக்காவிட்டால் முதலில் வங்கிக்குப் போக வேண்டும், பதிவாளரிடம் அல்ல. "ரீஃபண்ட் வரவில்லை" என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் வரவு வரியைத் தேடிவிட்டுக் கையை விரிப்பார். "ஆஸ்பா லீன் விடுவிக்கப்படவில்லை" என்று விண்ணப்ப எண்ணுடன் எழுதிக் கொடுங்கள். தாமதத்திற்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அல்லது விண்ணப்பத் தொகைக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், இதில் எது அதிகமோ அதனை வங்கி ஈடாகத் தர வேண்டும் என்பது செபியின் விதி. 1,24,180 ரூபாய்க்கு 15 சதவீதம் என்றால் நாளுக்கு 51 ரூபாய்தான் ஆகிறது. எனவே இங்கே 100 ரூபாய் கணக்கே பொருந்தும். வங்கி அசையாவிட்டால் scores.sebi.gov.in தளத்தில் புகார் பதியலாம். அதில் இணைக்க, ஒதுக்கீட்டுப் பக்கத்தின் பி.டி.எப். கோப்பும், இரண்டு இருப்புகளும் தெரியும் நெட் பேங்கிங் திரையின் படமும் போதும்.